கேள்வி எழுத வரச் சொல்லி மெயில் வந்திருக்கிறது, போகலாமா? – ஸ்டெரிலைசேஷன் சான்றிதழ் தேர்வு

சுகந்தி_ஃபீனிக்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். நான் டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிஎஸ்எஸ்டி சூப்பர்வைசர். ஆபரேஷன் தியேட்டர் கருவிகளைக் கழுவி, பேக் செய்து, ஆட்டோகிளேவில் ஏற்றி அனுப்புகிற பிரிவு என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கான ஒரு அமெரிக்கச் சான்றிதழ் வைத்திருக்கிறேன், தவறாமல் புதுப்பித்தும் வருகிறேன். போன வாரம் அந்த அமைப்பிலிருந்தே மெயில் வந்தது: தேர்வுக்குக் கேள்வி எழுதவும், மற்றவர்கள் எழுதியதைப் பரிசீலிக்கவும் துறை அனுபவம் உள்ளவர்கள் வேண்டுமாம், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் விண்ணப்பித்தால் மகிழ்ச்சியாம். பயோடேட்டா, வேலை அனுபவம், எவ்வளவு பெரிய மருத்துவமனை, என்னென்ன மெஷின்கள் என்று ஒரு நீளமான படிவம். பணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சான்றிதழ் புதுப்பிக்கத் தேவையான கிரெடிட் பாயிண்டுகள் தருவார்களாம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆயிரக்கணக்கில் கேள்விகள் ஏற்கெனவே அவர்களிடம் இருக்குமே, நான் போய் என்ன புதிதாக எழுதப் போகிறேன்? இங்கே யாராவது இந்த மாதிரி வேலை செய்திருக்கிறீர்களா? சனிக்கிழமைகளில் எங்கள் ஜூனியர்களுக்கு இதே தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறேன், அதற்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

தேவா_சார்_சாட்ஸ்வொர்த்

நல்ல வாய்ப்பு, விடாதீர்கள் அம்மா. நான் மெட்ரிக் பிசிகல் சயின்ஸ் பேப்பர் திருத்தப் போய்க்கொண்டிருந்தவன். கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு அங்கே தனி மரியாதை. ஒரு சின்னக் குழு உட்கார்ந்து தாளையும் விடைக்குறிப்பையும் எழுதும், உள்ளே ஒரு மாடரேட்டர் பார்ப்பார், அப்புறம் தேர்வுகளின் தரத்தைக் கண்காணிக்கும் உமலுசி அமைப்பிலிருந்து வெளி மாடரேட்டர் பார்ப்பார். திருத்துபவர்கள் கூட்டத்தில் விடைக்குறிப்பை வைத்து மாதிரித் தாள்களைத் திருத்திப் பார்ப்போம், மாணவன் வேறு வழியில் சரியாக எழுதியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்வோம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஒரு தாளுக்கு எத்தனை மணி நேரம் ஆகும், திருத்தும் வேலையும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரவீன்_மிட்ராண்ட்

சார், இது மெட்ரிக் மாதிரி இல்லை. நான் ஐடி செக்யூரிட்டி, சிஐஎஸ்எஸ்பி முடித்தவன். இந்தத் தேர்வுகளில் "தாள்" என்று ஒன்றே கிடையாது. ஒரு கேள்வி வங்கி இருக்கும், கம்ப்யூட்டர் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும். எங்கள் தேர்வில் 100 முதல் 150 கேள்விகள் வரும், அதில் 25-க்கு மதிப்பெண்ணே கிடையாது, புதுக் கேள்விகளைச் சோதித்துப் பார்க்க வைத்திருப்பார்கள். எது அந்த 25 என்று நமக்குத் தெரியாது. திருத்தும் வேலை இல்லை, எல்லாம் மெஷின். பாஸ் மார்க் 1000-க்கு 700, அதாவது 70 சதவீதம். அதனால் உங்கள் வேலை கேள்வி எழுதுவதோடு முடிந்தது, கடினமா எளிதா என்பதைக் கணக்கு பார்த்துக்கொள்ளும்.

வசந்தா_டோங்காட்

சுகந்தி, நான் நர்சிங் டியூட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். சில வருடங்கள் இதே மாதிரி ஒரு வெளிநாட்டுச் சான்றிதழ் அமைப்புக்குக் கேள்வி எழுதியிருக்கிறேன், பிறகு பரிசீலனைக் குழுவில் இருந்தேன். எந்த அமைப்பு என்று சொல்ல மாட்டேன், அங்கே பார்த்த எந்தக் கேள்வியையும் இங்கே எழுத மாட்டேன். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டிருக்கிறேன், அது வேலை முடிந்த பிறகும் செல்லும்.

முதலில் உன் கடைசி வரி. சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன் என்றாயே, அது உதவாது, இடிக்கும். தேர்வுக் கேள்விகளைப் பார்த்தவர் அதே தேர்வுக்கு ஆட்களைத் தயார் செய்யக் கூடாது என்பது இந்த மாதிரி அமைப்புகளில் பொதுவான விதி. கேள்வி எழுதும் வேலையை விட்ட பிறகும் குறிப்பிட்ட காலம் வகுப்பு எடுக்கக் கூடாது என்று பல இடங்களில் இருக்கும். நபர்களுக்குச் சான்று கொடுக்கும் அமைப்புகளுக்கு ஐஎஸ்ஓ 17024 என்று ஒரு தரநிலை இருக்கிறது, பயிற்சியும் தேர்வும் ஒன்றையொன்று கெடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் முக்கியமான விஷயம். நீ மனதில் வைத்துக்கொண்டு சொல்லித்தர மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் எதை அழுத்திச் சொல்கிறாய், எதைத் தாண்டிப் போகிறாய் என்பதிலேயே கசிந்துவிடும். படிவத்தில் வகுப்பை மறைக்காதே.

பிரவீன் தம்பி சொன்னதில் பாதி சரி. மதிப்பெண் இல்லாத புதுக் கேள்விகள் உண்டு, அது உண்மை. ஆனால் 1000-க்கு 700 என்பது 70 சதவீதம் இல்லை. அது மாற்றியமைத்த அளவுகோல். ஒருவருக்கு வந்த கேள்விகள் கொஞ்சம் கடினம், இன்னொருவருக்குக் கொஞ்சம் எளிது என்றாலும் இருவரும் ஒரே கோட்டைத் தாண்ட வேண்டும் என்பதற்காக அப்படி. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதைக் கணக்கு தானாகச் சொல்லாது. அதையும் நம்மைப் போன்றவர்கள்தான் உட்கார்ந்து முடிவு செய்கிறோம், அதைப் பிறகு சொல்கிறேன்.

நீ என்ன புதிதாக எழுதப் போகிறாய் என்று கேட்டாய். இங்கேயே ஒரு கேள்வி எழுதிப் பார். போவி-டிக் டெஸ்ட் பற்றி எழுது, அது உனக்குத் தினசரி வேலை.

சுகந்தி_ஃபீனிக்ஸ்

ஐயோ அக்கா, வகுப்பு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. சரி, யோசிக்கிறேன்.

கேள்வி:

போவி-டிக் டெஸ்ட் தாளின் நடுவில் நிறம் சரியாக மாறாமல் வெளிறி இருக்கிறது. காரணம் என்ன?
அ) வேக்யூம் பம்ப் பழுது
ஆ) வெப்பநிலை போதவில்லை
இ) டெஸ்ட் பேக் காலாவதியானது
ஈ) மேலே உள்ள அனைத்தும்

சரியான விடை அ.

மற்றவர்களுக்காக: தினமும் காலையில் முதல் லோடுக்கு முன் மெஷினைச் சூடாக்கிவிட்டு, வேறு எதுவும் ஏற்றாமல் இந்த டெஸ்ட் பேக்கை மட்டும் வைத்து 134 டிகிரியில் மூன்றரை நிமிடம் ஓட்டுவோம். உள்ளே இருக்கும் தாள் முழுக்க ஒரே நிறமாக மாறினால் காற்று முழுதாக வெளியேறி நீராவி உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். நடுவில் வெளிறினால் அங்கே காற்று தங்கியிருக்கிறது.

குமரன்_மேரிட்ஸ்பர்க்

நான் ஆட்டோகிளேவ் சர்வீஸ் செய்கிறவன், சும்மா படித்துக்கொண்டு போக வந்தேன், இதைப் பார்த்துவிட்டு இருக்க முடியவில்லை. பம்ப் பழுது மட்டும் என்று எப்படிச் சொல்லலாம்? நான் போய்ப் பார்க்கிற பல கேஸ்களில் பம்ப் நன்றாகவே இருக்கும். கதவு கேஸ்கெட் கசிந்தால் வேக்யூம் நேரத்தில் வெளிக்காற்று உள்ளே வரும், அதே வெளிறல். பாய்லர் தண்ணீர் சரியில்லாமல் நீராவியோடு காற்றும் கார்பன் டை ஆக்ஸைடும் கலந்து வந்தாலும் அதே வெளிறல். அந்தத் தாளை மட்டும் பார்த்து எது என்று என்னாலேயே சொல்ல முடியாது, லீக் டெஸ்ட் ஓட்டித்தான் சொல்வேன்.

வசந்தா_டோங்காட்

குமரன் இப்போது செய்ததுதான் பரிசீலனை! ஒரு கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் சரி என்று துறை ஆட்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் "ஆனால்..." என்று ஆரம்பித்து நியாயமான காரணம் சொல்லிவிட்டால் கேள்வி போச்சு. மெட்ரிக்கில் தேவா சார் கூட்டத்தில் மாற்று விடையைச் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே நான்கில் ஒன்றைத் தொட்டுவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுவார், அவர் ஏன் அதைத் தொட்டார் என்று கேட்க யாரும் இல்லை.

உன் கேள்வியில் இன்னொன்று. இந்தத் தேர்வு டெக்னீஷியனுக்கு. பம்பா கேஸ்கெட்டா என்று கண்டுபிடிப்பது அவர் வேலையா? இந்த அமைப்புகள் சில வருடங்களுக்கு ஒருமுறை வேலையில் இருப்பவர்களிடம் சர்வே எடுத்து, என்ன வேலைகள் செய்கிறீர்கள், எத்தனை தடவை, தவறினால் எவ்வளவு ஆபத்து என்று கேட்டு ஒரு வரைபடம் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கேள்வியும் அதில் ஒரு வேலையோடு ஒட்ட வேண்டும். அங்கே டெக்னீஷியன் வேலை "கண்காணிப்பு முடிவைப் படித்து அதன்படி நடப்பது" என்றுதான் இருக்கும். ஆகவே காரணத்தைக் கேட்காதே, செயலைக் கேள்.

"மேலே உள்ள அனைத்தும்" என்பதைப் பெரும்பாலான குழுக்கள் பார்த்தவுடன் அடித்துவிடும். இரண்டு விடை சரி என்று தெரிந்தாலே போதும், மூன்றாவது தெரியாமலே அதைக் குறித்துவிடலாம்.

சுகந்தி_ஃபீனிக்ஸ்

சரி, இரண்டாவது முயற்சி. தவறான விடைகளுக்கு எங்கள் ஆட்கள் என்னிடம் வந்து கேட்ட கேள்விகளையே போட்டிருக்கிறேன்.

காலை முதல் லோடுக்கு முன் ஓட்டிய போவி-டிக் டெஸ்டில் தாளின் நடுப்பகுதி வெளிறி இருக்கிறது. டெக்னீஷியன் அடுத்து என்ன செய்ய வேண்டும்?
அ) ஸ்டெரிலைசிங் நேரத்தைக் கூட்டி டெஸ்டை மறுபடி ஓட்ட வேண்டும்
ஆ) லோடோடு ஸ்போர் டெஸ்ட் வைத்து ஓட்ட வேண்டும்
இ) துணி பேக்குகளைத் தவிர்த்து உலோகக் கருவிகளை மட்டும் ஓட்ட வேண்டும்
ஈ) அந்த மெஷினில் எந்த லோடும் ஏற்றாமல், சூப்பர்வைசரிடம் உடனே தெரிவித்து, பதிவேட்டில் எழுதி, இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும்

பிரவீன்_மிட்ராண்ட்

எனக்கு ஆட்டோகிளேவ் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் விடை ஈ. மிக நீளமாகவும் மிகப் பத்திரமாகவும் இருப்பது அதுதான் 😀

வசந்தா_டோங்காட்

பார்த்தாயா. துறையே தெரியாதவர் சரியாகக் குறிக்க முடிந்தால் அந்தக் கேள்வி துறையை அளக்கவில்லை. சரியான விடையில் மட்டும் எல்லா நிபந்தனையும் சேர்த்து நீட்டி எழுதுவது புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் வரும் பழக்கம். யாரும் தவறு சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் வருவது.

ஆனால் உன் தவறான விடைகள் அருமை. அவைதான் நீ கொண்டுவரும் சரக்கு. சரியான விடையைப் புத்தகத்திலிருந்து யாரும் எடுத்து எழுதலாம். பாதி தெரிந்தவர் எந்த இடத்தில் சறுக்குவார் என்பது தினமும் பத்து பேர் வேலையைப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். அ-வைப் பார், "கொஞ்சம் கூடுதலாக ஓட்டினால் இன்னும் பத்திரம்தானே" என்று நினைப்பவர் அதில் விழுவார். உண்மையில் நேரத்தைக் கூட்டினால் தங்கிய காற்று இருந்த இடத்துக்கும் மெதுவாகச் சூடு பரவித் தாள் நிறம் மாறிவிடும், பழுது மறைந்துவிடும். மூன்றரை நிமிடம் என்று கட்டுப்படுத்தி வைத்திருப்பதே அதனால்தான். ஆ-வில் விழுபவர், சோதனைக்காக வைக்கும் கிருமியின் ஸ்போர் செத்தால் எல்லாம் சரி என்று நினைப்பவர். அது வைத்த இடத்தில் செத்தது என்பதைத்தான் சொல்லும், லோடில் வேறொரு பேக்கின் நடுவில் காற்று நின்றதா என்று சொல்லாது.

தவறான விடை மூன்று வேண்டும் என்றும் இல்லை. இப்படி ஆள் விழுகிற விடை இரண்டு கிடைத்தாலே பல நேரம் போதும். 2005-ல் ராட்ரிகஸ் என்பவர் 80 வருட ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, மொத்தம் மூன்று விடைகள் இருந்தால் போதும் என்று எழுதினார். ஆனாலும் நிறைய அமைப்புகள் நான்கை விடவில்லை. நான்காவதுக்கு யாரும் தொடாத ஒன்றைப் போட்டு நிரப்புவார்கள்.

குமரன்_மேரிட்ஸ்பர்க்

அக்கா, இ-யில் எனக்கு ஒரு சிக்கல். போவி-டிக் என்பது வேக்யூம் இழுத்துக் காற்றை எடுக்கிற சைக்கிளுக்கு மட்டும்தான். சில மெஷின்களில் கிராவிட்டி சைக்கிளும் இருக்கும், நீராவி மேலிருந்து வந்து காற்றைக் கீழே தள்ளும், அதற்கு இந்த டெஸ்டே கிடையாது. பழைய ஆள் ஒருவர் "சரி, அந்த சைக்கிளில் உலோகத்தை மட்டும் ஓட்டிக்கொள்கிறேன்" என்று இ-யைக் குறித்தால் அவரை முட்டாள் என்று சொல்ல முடியாது. நான் செய்யச் சொல்ல மாட்டேன், கேஸ்கெட் கசிகிறதா என்று தெரியாமல் எதற்கு வம்பு. ஆனால் வாதம் பண்ண இடம் இருக்கிறது.

வசந்தா_டோங்காட்

அடடா, இது எனக்குத் தோன்றவில்லை. இந்த மாதிரிக் கேள்வி குழுவைத் தாண்டிப் போய்விட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், ஏனென்றால் கணக்கு பார்த்துக்கொள்ளும் என்று பிரவீன் சொன்னார்.

மதிப்பெண் இல்லாமல் வைத்துச் சோதிக்கும்போது இரண்டு விஷயம் பார்ப்பார்கள். எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்பது ஒன்று. மொத்தத் தேர்வில் நன்றாகச் செய்தவர்கள் இதையும் சரியாகச் செய்தார்களா என்பது இன்னொன்று. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்: மேல்மட்டத்தில் இருப்பவர்களில் 100-க்கு 45 பேர் ஈ, 40 பேர் இ. கீழ்மட்டத்தில் 100-க்கு 60 பேர் ஈ, மீதி எல்லாவற்றிலும் சிதறிக் கிடக்கிறது. அதாவது நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம் தவறு செய்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கணக்கு சிவப்பில் காட்டும். ஆனால் ஏன் என்று காட்டாது. விடைக்குறிப்பு மாறிப்போயிருக்கலாம், மொழி குழப்பியிருக்கலாம். குமரன் மாதிரி ஒருவர் பார்த்து "கிராவிட்டி சைக்கிளை நினைத்திருப்பார்கள்" என்றால்தான் காரணம் தெரியும். புள்ளிவிவர ஆள் கெட்டிக்காரராக இருப்பார், அவருக்கு ஆட்டோகிளேவ் தெரியாது.

ஆகவே கேள்வியிலேயே "முன்-வேக்யூம் சைக்கிள்" என்று எழுது, ஆ-விலும் இ-யிலும் "அதே சைக்கிளில்" என்று சேர். ஈ-யை "லோடு எதுவும் ஏற்றாமல் சூப்பர்வைசரிடம் தெரிவிக்க வேண்டும்" என்று குறை.

டெஸ்டை மாற்றமில்லாமல் அப்படியே இன்னொரு தடவை ஓட்டுவது என்று ஒரு விடை போட்டுவிடாதே. சில வழிகாட்டுதல்களில் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்க்க இடம் உண்டு, சில இடங்களில் உடனே மெஷினை நிறுத்திவிடுவார்கள். நாட்டுக்கு நாடு, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும் எதையும் தவறான விடையாக வைக்கக் கூடாது.

நளினி_ஆர்

அக்கா, நான் போன மாதம்தான் இந்தத் தேர்வு எழுதினேன், ஃபெயில். வெப்பநிலை, நேரம் பற்றி ஒரு கேள்வி வந்தது, நாம் இங்கே செய்வது எதுவுமே விடைகளில் இல்லை. அந்தக் கேள்வியை அப்படியே எழுதட்டுமா? எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள்.

வசந்தா_டோங்காட்

எழுதாதே அம்மா. நீயும் தேர்வுக்கு முன் ஒரு ஒப்பந்தத்துக்கு "சரி" அழுத்தியிருப்பாய். அமைப்புக்கே எழுது, கேள்வி பற்றிப் புகார் கொடுக்க அவர்களிடம் ஒரு வழி இருக்கும். அதைப் பரிசீலனைக் குழு பார்க்கும்.

நீ சொல்லும் சிக்கல் உண்மையானது. பேக் செய்த கருவிகளுக்கு முன்-வேக்யூமில் அமெரிக்காவில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு 132 டிகிரி, 4 நிமிடம். நாம் இங்கே ஐரோப்பியர்களைப் போல 134 டிகிரி, 3 நிமிடம் என்றே பழகியிருக்கிறோம். இரண்டும் சரி. எண்ணை மட்டும் கேட்டால் டர்பன்காரருக்கு அது ஸ்டெரிலைசேஷன் கேள்வி இல்லை, எந்த நாட்டுப் புத்தகம் படித்தாய் என்ற கேள்வி. வெளிநாட்டு ஆட்கள் குழுவில் வேண்டும் என்று சுகந்திக்கு மெயில் போட்டிருப்பது இதற்காகத்தான் இருக்கும்.

சுகந்தி_ஃபீனிக்ஸ்

அப்படியானால் நம் ஊர் விஷயங்களையும் கேள்வியாக எழுதலாமா? லோட்ஷெட்டிங் மோசமாக இருந்த காலத்தில் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த இடைவெளியிலேயே மெஷின் சைக்கிளை நிறுத்திவிடும். மறுபடி கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து நேரத்தைக் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன் என்று ஒரு பையன் வந்து நின்றான்.

வசந்தா_டோங்காட்

தாராளமாக எழுது, லோட்ஷெட்டிங் என்ற சொல் மட்டும் வேண்டாம். "ஸ்டெரிலைசிங் நேரத்தின் நடுவில் மின்சாரம் தடைப்பட்டது" என்று எழுதினால் டெக்ஸாஸ்காரருக்கும் புரியும். அந்தப் பையன் செய்தது உனக்கு இலவசமாகக் கிடைத்த தவறான விடை.

தேவா_சார்_சாட்ஸ்வொர்த்

எனக்கு இப்போதுதான் விளங்குகிறது, நான் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு கேள்வி. பாஸ் மார்க்கை ஆட்கள் முடிவு செய்கிறார்கள் என்றீர்களே, எப்படி? எங்களுக்கு 30, 40 என்று மேலேயிருந்து வந்துவிடும்.

வசந்தா_டோங்காட்

அதிகம் பயன்படுத்தும் ஒரு முறைக்கு ஆங்கோஃப் என்று பெயர், 1971-ல் அவர் எழுதியதிலிருந்து வந்தது. ஒவ்வொரு கேள்வியாகக் கொடுத்து ஒன்று கேட்பார்கள்: வேலைக்கு எடுக்கலாம், ஆனால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்கிற அளவில் நிற்கும் டெக்னீஷியன்கள் 100 பேர் இருந்தால், இதை எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்? ஒவ்வொருவரும் தனித்தனியாக எண் எழுத வேண்டும். பிறகு திறந்து பார்த்தால் ஒருவர் 85, இன்னொருவர் 40. அங்கேதான் பேச்சு ஆரம்பிக்கும். 85 போட்டவர் தன் சொந்தப் பிரிவின் நல்ல ஆட்களை நினைத்திருப்பார். 40 போட்டவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆனவரை நினைத்திருப்பார். ஒருவர் 10 என்று எழுதினால் நான்கு விடைகளில் கண்ணை மூடிக் குறித்தாலே 25 வருமே என்று ஞாபகப்படுத்த வேண்டும். பேசிவிட்டு மறுபடி எண் எழுதுவோம், யாரும் மாற்றியே ஆக வேண்டும் என்றில்லை. எல்லாக் கேள்விக்கும் சராசரியைக் கூட்டினால் வருவது கோடு. அதைப் பரிந்துரையாகத்தான் கொடுப்போம், கடைசி முடிவு அமைப்பினுடையது.

சூப்பர்வைசர்கள் மட்டுமே உட்கார்ந்தால் கோடு உயர்ந்துவிடும் என்பது என் அனுபவம். புதிதாகச் சான்றிதழ் வாங்கியவர் இரண்டு பேராவது அறையில் இருக்க வேண்டும்.

பிரவீன்_மிட்ராண்ட்

700 விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். தேர்வுக் கட்டணம் ராண்டில் கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. கேள்வி எழுதுகிறவருக்கு கிரெடிட் பாயிண்ட் மட்டும், எழுதிய கேள்வியின் உரிமையும் அமைப்புக்கு. இது என்ன நியாயம்?

வசந்தா_டோங்காட்

சில அமைப்புகள் கேள்விக்கு இவ்வளவு என்று தருகின்றன, சில பயணச் செலவு மட்டும், சில ஒன்றுமில்லை. நான் செய்ததற்குக் காரணம் கற்றுக்கொண்டது அதிகம் என்பதால். அதை நியாயம் என்று சொல்ல வரவில்லை.

குமரன்_மேரிட்ஸ்பர்க்

பிரவீன் சொல்வதுதான் எனக்கும். நான் மேரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வந்து ஒரு கேஸ்கெட் மாற்றினால் பில் போடுகிறேன். அறிவுக்கு பில் இல்லையா?

சுகந்தி_ஃபீனிக்ஸ்

அது போகட்டும், எனக்கு நேரம்தான் பெரிய கேள்வி. கூட்டங்கள் ஆன்லைனில் என்றாலும் அவர்கள் காலை 9 மணி நமக்குப் பிற்பகல் 3, அவர்கள் குளிர்காலத்தில் 4. ஷிஃப்ட் மாறும் நேரம்.

அக்கா, திருத்திய கேள்வியை என் ஜூனியர் மூன்று பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். மூன்று பேரும் ஈ. ஒரு பெண் மட்டும் சொன்னாள், "சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தால் அதுதானே எப்போதும் சரி" என்று. அதனால் கேள்வியையே மாற்றிவிட்டேன்:

முன்-வேக்யூம் மெஷினில் போவி-டிக் டெஸ்ட் 134 டிகிரியில் 3.5 நிமிடம் ஓட்டியபோது தாளின் நடுப்பகுதி வெளிறியது. டெக்னீஷியன் அதையே 10 நிமிடம் ஓட்டியபோது தாள் முழுக்க ஒரே நிறமாக மாறியது. இரண்டாவது முடிவு எதைக் காட்டுகிறது?
அ) மெஷின் முதலில் போதிய அளவு சூடாகாமல் இருந்தது
ஆ) காற்று இப்போது முழுதாக வெளியேறிவிட்டது
இ) காற்று வெளியேறியதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது

மூன்று விடைதான், நான்காவதுக்கு யாரும் விழுகிற மாதிரி எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இதில் மூன்று பேரும் மூன்று விடை சொன்னார்கள்.

குமரன்_மேரிட்ஸ்பர்க்

இது நல்ல கேள்வி. ஆனால் அ-வைப் பற்றி யோசியுங்கள். மெஷினைச் சூடாக்காமல் ஓட்டினாலும் முதல் டெஸ்ட் ஃபெயில் ஆகும், இரண்டாவது ஓட்டத்தில் சரியாகிவிடும், நான் பார்த்திருக்கிறேன். "சூடாக்கிய மெஷினில்" என்று ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள்.

வசந்தா_டோங்காட்

போட்டுவிடு. இ-யைப் பற்றியும் ஒரு வார்த்தை: "சொல்ல முடியாது" என்ற விடையைச் சில எடிட்டர்கள் விரும்ப மாட்டார்கள். எனக்கு இங்கே அது பிடித்திருக்கிறது, குழுவில் சண்டை வரும். ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று எழுதச் சொல்வார்கள், அவர்கள் ஏற்றுக்கொண்ட பட்டியலிலிருந்து மட்டும். "எங்கள் இன்ஜினியர் சொன்னார்" என்பது செல்லாது, குமரன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம், இந்தக் கேள்வியை அவர்களுக்கு அனுப்பாதே. பொதுவில் வைத்து எல்லோரும் பிரித்துப் பார்த்தாகிவிட்டது, இனி இது யாரையும் அளக்காது. வகுப்பில் வேண்டுமானால் கொடு, நீ இன்னும் எதிலும் கையெழுத்து போடவில்லையே.

சுகந்தி_ஃபீனிக்ஸ்

நல்ல கேள்வி ஒன்று எழுதினேன், அதுவும் போச்சா 😅 சரி. இப்போது நடக்கும் சனிக்கிழமை வகுப்பு ஜூனில் முடிகிறது. கையெழுத்து போட்டால் எத்தனை காலம் வகுப்பு எடுக்கக் கூடாது, பிரிவுக்குள் புது ஆட்களுக்கு வேலை சொல்லித் தருவதும் அதில் சேருமா என்று அவர்களுக்கு மெயில் போட்டுக் கேட்டிருக்கிறேன். சேரும் என்றால் சூப்பர்வைசராக இருந்துகொண்டு என்னால் முடியாது. பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

நளினி_ஆர்

அக்கா அடுத்த வகுப்பு எப்போது என்றும் சொல்லுங்கள், நான் வரணும்.